உயிலில் சாட்சிகள் எதற்குச் சாட்சி?

உயில் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்களைத் தவறாமல் கேட்கலாம். "முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும்." "ரிஜிஸ்டர் செய்தாச்சு, இனி யாரும் அசைக்க முடியாது." "அப்பா தன் கைப்படவே எழுதியிருக்கிறார், இதுக்கு எதுக்குச் சாட்சி?" மூன்றும் தவறு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்த உயிலும் நீதிமன்றத்தில் தோற்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் மூன்றிலும் ஆபத்தானது. முழு உயிலையும் ஒருவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சாட்சிகள் இல்லையென்றால் சட்டத்தின் பார்வையில் அது உயிலே இல்லை.

ஏன் அப்படி? இது புரிந்துவிட்டால் உயிலின் மற்றப் பகுதிகளும் தானாகவே புரிந்துவிடும்.

இங்கே சொல்வது இந்தியாவில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி எழுதப்படும் சாதாரண உயிலைப் பற்றி. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் எழுதும் உயில்கள் இதில் வரும். முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் உண்டு. அதன் விதிகள் வேறு என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பேச வேண்டியவர் இல்லாதபோது பேசும் தாள்

நிச்சய தாம்பூலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். சபையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பவுன், மண்டபச் செலவு யாருடையது என்றெல்லாம் உள்ளே என்ன பேசி முடித்தார்கள் என்பது அந்தப் பெரியவர்களில் பலருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இந்த இரண்டு குடும்பமும் மனமொப்பித் தட்டு மாற்றியதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நாளைக்கு யாராவது "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்றால், "நாங்கள் சபையில் இருந்தோம்" என்று சொல்ல அவர்கள் இருக்கிறார்கள்.

உயில் சாட்சிகளின் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியவர்கள் உயிரோடு இருப்பார்கள், அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். கிரயப் பத்திரத்தில் சண்டை வந்தாலும் பெரும்பாலும் விற்றவரையோ வாங்கியவரையோ கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயில் மட்டும், எழுதியவர் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. "இது உங்கள் கையெழுத்தா? தெரிந்துதான் போட்டீர்களா? யாராவது கையைப் பிடித்துப் போட வைத்தார்களா?" என்று கேட்கவேண்டிய ஒரே ஆளைக் கேட்க முடியாது. அவருக்குப் பதிலாக அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் சட்டம் இரண்டு பேரைக் கேட்கிறது.

உயில் எழுதியவர் இருக்கும்வரை அதற்கு எந்தச் சக்தியும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவர் வீட்டை விற்கலாம், அடகு வைக்கலாம், உயிலைக் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்ட் பத்திரம் இப்படி இல்லை. அது எழுதிப் பதிவானதுமே சொத்தைக் கைமாற்றிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, உயில் என்று நினைத்து செட்டில்மெண்ட்டில் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் உண்டு. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முதல் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது: உயில் என்பது இறப்புக்குப் பிறகு பேசத் தொடங்கும் தாள். எழுதியவரிடம் கேட்க முடியாது என்பதால், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த இரண்டு பேர் வேண்டும்.

ஒரு உயிலைத் திறந்து பார்ப்போம்

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பெரியவர், 74 வயது, கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரு வீடு, தானே வாங்கிய 60 சென்ட் நஞ்சை, வங்கியில் ஒரு வைப்புத்தொகை. மனைவி இருக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் சென்னையில் இருக்கிறார். அவர் வீடு வாங்கியபோது அப்பா கணிசமாகப் பணம் கொடுத்திருக்கிறார். இளையவர் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

பெரியவரின் உயில் இரண்டே பக்கம். ஆரம்பம் இப்படி இருக்கும்: "இன்ன தேதியில், இன்ன தெரு, இன்ன கதவு எண்ணில் வசிக்கும், இன்னாருடைய குமாரர், 74 வயதுள்ள இன்னார் ஆகிய நான், பூரண சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும் எழுதிவைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்..."

இந்த வாக்கியத்தைச் சடங்கு என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சட்டம் கேட்கும் அடிப்படைத் தகுதி இதற்குள்தான் இருக்கிறது. எழுதுபவர் 18 வயது முடிந்தவராகவும், தான் என்ன செய்கிறோம் என்று புரிந்துகொள்ளும் மனநிலையில் இருப்பவராகவும் இருக்க வேண்டும். ஆனால் "சுயநினைவோடு" என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்லப்போவதும் சாட்சிகள்தான்.

அடுத்து, "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் ஏதேனும் இருந்தால் அவற்றை இதன் மூலம் ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரி. இந்த வரி இல்லாவிட்டால், பழைய உயில் ஒன்று அலமாரியில் கிடைக்கும்போது எது எதை வெட்டுகிறது என்று வக்கீல்கள் வருடக்கணக்கில் வாதாட நேரும்.

பிறகு குடும்ப விவரம். மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுத வேண்டும், சொத்து கொடுக்காத பிள்ளையின் பெயரையும் சேர்த்தே. நம் பெரியவர் மூத்தவருக்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் உயிலில் ஒரு வரி வைத்திருக்கிறார்: "என் மூத்த மகனுக்கு அவர் வீடு வாங்கியபோது நான் பணம் கொடுத்து உதவியிருப்பதால் இந்த உயிலில் அவருக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை." இந்த ஒரு வரிக்கு நிறைய மதிப்பு உண்டு. சொந்தப் பிள்ளையை ஒதுக்கியிருப்பதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளில் ஒன்றாக நீதிமன்றங்கள் பார்க்கும். அதற்காகவே உயில் விழுந்துவிடாது, பங்கை மாற்றிக் கொடுக்கத்தானே உயிலே எழுதுகிறோம். ஆனால் காரணம் எழுதியிருந்தால், அப்பாவுக்கு மூத்த மகன் மறந்துபோகவில்லை, யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று தெரியும்.

அதன் பிறகு பங்கீடு. வீடு மனைவிக்கு, முழு உரிமையோடு. அவருக்கு முன்பே மனைவி இறந்துவிட்டால் வீடு மகளுக்கு. நிலம் இளைய மகனுக்கு. வைப்புத்தொகை மகளுக்கு. "இதில் சொல்லாத, இனி நான் வாங்கக்கூடிய மற்ற எல்லாச் சொத்தும் என் மனைவிக்கு" என்று ஒரு கடைசி வரி. சொத்து பெறுகிறவர்களைப் பயனாளிகள் என்போம்.

"முன்பே இறந்துவிட்டால்" என்பதை எழுத எல்லோருக்கும் தயக்கம். எழுத மறுக்கும் பெரியவர்களும் உண்டு, அபசகுனம் என்பார்கள். எழுதாமல் விட்டு, மனைவி முன்பே போய்விட்டால், அவருக்கு எழுதிய பங்குக்கு ஆள் இல்லாமல் போய்விடும். அந்த வீடு யாருக்கு என்ற கேள்வி மறுபடி பிள்ளைகள் நடுவே வந்து நிற்கும்.

இன்னொன்று, தனக்கு உரிமை உள்ளதைத்தான் உயிலில் கொடுக்க முடியும். மனைவியின் நகை மனைவியுடையது. மனைவியோடு கூட்டாக வாங்கிய வீடு என்றால் தன் பங்கை மட்டும்தான் எழுதலாம். வங்கியில் மகன் பெயரை நாமினியாகக் கொடுத்திருந்தாலும் பணம் அவருக்கே சொந்தம் என்று ஆகாது. வங்கியிடம் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான் நாமினி. அது யாருக்குச் சேரவேண்டும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ சொல்லும்.

பங்கீட்டுக்குப் பிறகு நிறைவேற்றாளர் என்று ஒருவரைக் குறிப்பிடலாம். உயிலில் சொன்னபடி கடன்களைக் கட்டி, சொத்துகளை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளர் அவர். கட்டாயம் இல்லை. பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் இருப்பது நல்லது.

கடைசியில் சொத்து விவரம். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லைகள், கதவு எண், மூலப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், வைப்புத்தொகையின் வங்கிக் கிளையும் கணக்கு எண்ணும். "என் வயல்" என்று எழுதினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் புரியும், பட்டா மாற்றப் போகும் இடத்தில் புரியாது.

இதுவரை சொன்னது: யார் எழுதுகிறார், பழையது ரத்து, குடும்பம் யார், யாருக்கு எது, எந்தச் சொத்து. உயிலின் உடம்பு அவ்வளவுதான். இதற்கென்று குறிப்பிட்ட வார்த்தைகளைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எழுதியவர் மனதில் இருந்தது தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆனால் அடுத்து வருவதில் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை.

கையெழுத்துப் போடும் அந்தப் பத்து நிமிடம்

வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, உயிலை எப்படிக் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலில், எழுதியவர் தன் கையெழுத்தையோ கைநாட்டையோ வைக்க வேண்டும். கை நடுங்கி முடியவில்லை என்றால், அவர் எதிரிலேயே, அவர் சொல்லி, வேறொருவர் அவருக்காகக் கையெழுத்துப் போடலாம். இரண்டாவது, அந்தக் கையெழுத்து, இந்தத் தாளை உயிலாக்கத்தான் போடப்பட்டது என்று தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், அதாவது வழக்கமாக முடிவில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுவது நல்ல வழக்கம், நடுவில் பக்கத்தை மாற்ற முடியாது. மூன்றாவது, குறைந்தது இரண்டு சாட்சிகளின் சாட்சிக் கையொப்பம்.

சாட்சிக் கையொப்பம் என்பது வெறும் கையெழுத்து இல்லை. அதற்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாட்சியும், எழுதியவர் கையெழுத்துப் போடுவதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது எழுதியவரே அவரிடம் "இது நான் போட்ட கையெழுத்துதான்" என்று நேரில் சொல்லியிருக்க வேண்டும். இது முதல் செயல். அப்புறம், அந்தச் சாட்சி, எழுதியவரின் கண்ணெதிரே தன் கையெழுத்தைப் போட வேண்டும். இது இரண்டாவது. இரண்டும் நடந்திருந்தால்தான் அவர் சாட்சி.

இதில் சட்டம் கேட்காத விஷயங்களும் உண்டு. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று 63ஆவது பிரிவு சொல்லவில்லை. ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் வரலாம், மாலையில் வருபவரிடம் பெரியவர் "காலையில் போட்டேன், இது என் கையெழுத்து" என்று சொன்னால் போதும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "சாட்சி போடக் கூப்பிட்டால் என் சொத்து விவரமெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று பயந்தே பலர் உயிலைத் தள்ளிப்போடுகிறார்கள். தாளை மடித்துக் கையெழுத்து இடத்தை மட்டும் காட்டலாம். தட்டு மாற்றுவதைப் பார்த்த சபைப் பெரியவருக்குப் பவுன் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

நம் பெரியவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரையும், வங்கியில் தன்னோடு வேலை பார்த்த இளைய நண்பர் ஒருவரையும் கூப்பிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, ஒரே பேனாவால், முதலில் அவர் போட்டார். பிறகு மருந்துக்கடைக்காரர், பிறகு நண்பர். இந்த வரிசை முக்கியம். சாட்சி பார்க்கவேண்டியது எழுதியவரின் கையெழுத்தை. அது வருமுன்பே சாட்சி போட்டுவிட்டால் அவர் எதற்குச் சாட்சி? அவசரத்தில் "நீங்க முதல்ல போட்டுடுங்க, அப்பா தூங்கறார், எழுந்ததும் போடுவார்" என்று தாளை நீட்டுகிற வீடுகள் உண்டு. அந்த உயிலுக்கு அப்போதே ஓட்டை விழுந்துவிட்டது.

சாட்சிகள் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினார்கள். அதற்கு மேலே ஒரு வரி இருந்தது: "மேற்படி உயிலை எழுதிவைப்பவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டதை நாங்கள் பார்த்தோம். நாங்களும் அவர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் பார்க்கக் கையெழுத்திட்டோம்." இப்படி ஒரு வரி இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதினைந்து வருடம் கழித்து நினைவு மங்கும்போது அந்த வரி உதவும்.

சாட்சிக் கூண்டில் என்ன கேட்பார்கள்?

பெரியவர் இறந்துபோனார். மூத்த மகன் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார். அப்பாவின் கையெழுத்தே அது இல்லை என்கிறார். இளையவர் உயிலை நீதிமன்றத்தில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உயிலை நிரூபிக்கும் சுமை அதை நம்பி வருபவர் தலையில்தான்.

இங்கே சாட்சியச் சட்டம் வருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 68ஆவது பிரிவாக இருந்தது. சாட்சிக் கையொப்பம் கட்டாயமான ஒரு ஆவணத்தை நிரூபிக்க, அதில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் குறைந்தது ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும், அவர் உயிரோடும் நீதிமன்றத்துக்கு வரக்கூடிய நிலையிலும் இருந்தால். பதிவு செய்த மற்ற ஆவணங்களுக்கு இதில் சலுகை உண்டு. உயிலுக்கு அந்தச் சலுகை இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ரிஜிஸ்டர் செய்த உயிலையும் அசைக்கலாம் என்று ஆரம்பத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

"ஒருவரை அழைத்தால் போதும்" என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நிறையப் பேர் விழுவது இங்கேதான். அன்று மருந்துக்கடைக்காரர் தன் கையெழுத்தைப் போட்டதுமே எழுந்து போயிருந்தார், இப்போது கூண்டில் நிற்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வக்கீல் கேட்கிறார்.

"பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அவர் எதிரில் நீங்கள் போட்டீர்களா?"

"போட்டேன்."

"இன்னொரு சாட்சி போட்டதைப் பார்த்தீர்களா?"

"இல்லைங்க. கடையில் ஆள் இல்லைன்னு நான் போட்டதும் கிளம்பிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது உயிலை நிரூபிக்கப் போதாது. சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளின் கையொப்பம். கூண்டில் ஏறுபவர் ஒருவரானாலும், இரண்டு கையொப்பங்களும் முறையாக நடந்தன என்று அவர் வாயால் வர வேண்டும். அவரால் முடியவில்லை என்றால் மற்றவரையும் அழைக்க வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அழைக்கப்பட்ட சாட்சியால் மற்றவரின் கையொப்பத்தை நிரூபிக்க முடியவில்லை. மற்றச் சாட்சி இருந்தும் அவரை அழைக்கவில்லை. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை என்று முன்பு சொன்னேன். சட்டப்படி அது சரி. ஆனாலும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, கடைசிக் கையெழுத்து விழும்வரை யாரையும் எழவிடாதீர்கள் என்று நான் சொல்வது இந்தக் கூண்டை நினைத்துத்தான். அன்றைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக இருந்திருந்தால், இரண்டு பேரில் யார் மிஞ்சினாலும் முழுக் கதையையும் சொல்லியிருப்பார்.

சாட்சிகள் இரண்டு பேருமே இறந்துவிட்டால் உயில் செத்துப்போகாது. அப்போது, சாட்சிகளில் குறைந்தது ஒருவரின் கையெழுத்து அவருடையதுதான் என்றும், எழுதியவரின் கையெழுத்து அவருடையதுதான் என்றும், அந்தக் கையெழுத்துகளை அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். சாட்சி கூண்டில் ஏறி "எனக்கு நினைவில்லை" என்றாலோ "நான் போடவே இல்லை" என்று மறுத்தாலோ வேறு ஆதாரங்களால் நிரூபிக்கவும் வழி உண்டு. ஆனால் இரண்டும் சுற்றுவழி. முப்பது வருடப் பழைய ஆவணத்தை அப்படியே உண்மையென்று அனுமானிக்கும் விதிகூட உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எவ்வளவு பழையதானாலும் உயிலை நிரூபித்தே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது: சாட்சி போட வேண்டியவர்கள் இரண்டு பேர். நீதிமன்றத்தில் பேச ஒருவர் போதும், அவர் இருவருக்காகவும் பேசக்கூடியவராக இருந்தால்.

பத்திர எழுத்தரும் சார்பதிவாளரும் சாட்சிகளா?

உயிலின் அடியில் "எழுதியவர்" என்று பத்திர எழுத்தரின் கையெழுத்தும் இருக்கும். பதிவு செய்திருந்தால் பின்பக்கத்தில் சார்பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். ஒரு சாட்சி குறைந்துபோனால், "இவர்களும்தான் அங்கே இருந்தார்களே" என்று கேட்கத் தோன்றும்.

ஒருவரைச் சாட்சியாக்குவது, சாட்சி சொல்லும் எண்ணத்தோடு அவர் கையெழுத்துப் போட்டார் என்பதுதான். பத்திர எழுத்தர் போட்டது, இதைத் தயாரித்தது நான் என்று சொல்ல. சார்பதிவாளர் போட்டது, பதிவுச் சட்டப்படி தன் கடமையைச் செய்ய. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணத்தைத்தான் அளவுகோலாக வைத்தது. உயிலை எழுதிவைத்தவர் கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்து, அவர் எதிரில், சாட்சியாக என்ற எண்ணத்தோடு போட்டிருந்தால் அவர்களையும் சாட்சியாக ஏற்க இடம் உண்டு. அதை நிரூபிக்க வேண்டியது உயிலை நம்பி வருபவர்தான். அந்தச் சிரமம் எதற்கு? இரண்டு சாட்சிகளைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

பதிவுக்கு மதிப்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூல உயில் தொலைந்தால் அலுவலகத்தில் நகல் இருக்கும். இன்ன தேதியில் பெரியவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது நல்ல துணைச் சான்று. ஆனால் சாட்சி இல்லாத குறையை அது நிரப்பாது. கைப்பேசியில் வீடியோ எடுத்து வைப்பதும் அப்படித்தான்.

பயனாளியே சாட்சி போட்டால்?

இதில்தான் மதத்துக்கு மதம் விதி மாறுகிறது. பொதுப்பேச்சில் இது முழுக்கக் குழம்பிக் கிடக்கிறது.

வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: சாட்சிக்கோ, சாட்சியின் கணவருக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், அந்தக் கொடை செல்லாது. உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் போய்விடும். கிறிஸ்தவ உயில்களுக்கு இது பொருந்தும். மருமகனைச் சாட்சி போடச் சொன்ன ஒரு கிறிஸ்தவத் தகப்பனார், தனக்குத் தெரியாமலே மகளின் பங்கை அழித்துவிட்டார் என்று அர்த்தம்.

இந்துக்களின் உயிலுக்கு அந்தச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் பொருந்தாது. எவை பொருந்தும் என்று மூன்றாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது, 67 அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இந்து உயிலில் பயனாளி சாட்சி போட்டார் என்பதற்காகவே அவர் பங்கு போய்விடாது. இதைப் படித்துவிட்டு "அப்போ பையனையே போடச் சொல்லலாம்" என்று முடிவுக்கு வர வேண்டாம். இளைய மகன் சாட்சி போட்டு, அவரே நிலத்தை வாங்கிக்கொண்டு, அவரே கூண்டில் ஏறி "அப்பா மனசார எழுதினார்" என்றால் எந்த நீதிபதி நெற்றியைச் சுருக்காமல் கேட்பார்? உயில் தயாரிப்பில் பயனாளி முன்னின்று வேலை செய்து, பெரிய பங்கையும் எடுத்துக்கொண்டால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் துடைக்கும் பொறுப்பு அவருடையது. வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த வழியில்தான் இன்றும் உயில் வழக்குகள் நடக்கின்றன.

அதனால் சாட்சிகள் உயிலில் எதுவும் பெறாதவர்களாக இருக்கட்டும், அவர்கள் வீட்டாரும் பெறாதவர்களாக இருக்கட்டும். எழுதியவரைவிட வயது குறைந்தவர்கள் நல்லது. 74 வயதுக்காரருக்கு 76 வயது நண்பர் சாட்சி போட்டால், தேவைப்படும்போது இருவருமே இருக்க மாட்டார்கள். தேடினால் கிடைக்கக்கூடியவர்களாக, ஊரில் நிலையாக இருப்பவர்களாக இருக்க வேண்டும். எழுதியவர் நோயில் படுத்திருந்தால், அவருக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரே சாட்சிகளில் ஒருவராக இருப்பது மிகவும் நல்லது. கையெழுத்தைப் பார்த்ததையும், அப்போது நோயாளியின் மனம் தெளிவாக இருந்ததையும் அவர் ஒருவரே சொல்லிவிடுவார்.

பிறகு மனம் மாறினால்

நம் பெரியவரின் கதைக்குத் திரும்புவோம். அதில் ஒரு பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. உயில் எழுதி இரண்டு வருடம் கழித்து மூத்த மகன் வேலையை இழந்தார். பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் உயிலை எடுத்து, "நிலம் முழுவதும்" என்ற இடத்தில் "முழுவதும்" என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, "பாதி இளையவனுக்கு, பாதி மூத்தவனுக்கு" என்று தன் கைப்பட எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். பீரோவில் பூட்டி வைத்துவிட்டார்.

கையெழுத்தான உயிலில் செய்யும் திருத்தமும் உயிலைப் போலவே முடிக்கப்பட வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆவது பிரிவு சொல்கிறது. திருத்தத்தின் பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். உயிலோடு சேர்க்கும் இணைப்பு உயில் எழுதினாலும் அதே இரண்டு சாட்சிகள் விதிதான்.

நீதிமன்றத்தில் அந்தப் பக்கம் எல்லோர் எதிரிலும் விரிக்கப்பட்டது. கோடு போட்டது அப்பாதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூத்த மகனே தன் அப்பாவின் எழுத்தை அங்கே அடையாளம் கண்டுகொண்டார். கோட்டுக்கு அடியில் பழைய வார்த்தை இன்னும் படிக்கும்படி இருந்தது. திருத்தத்தின் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை. நிலம் முழுவதும் இளையவருக்கே போனது. எதிர்வீட்டு மருந்துக்கடையின் கதவு அந்த மத்தியானமும் திறந்துதான் இருந்தது.